திருப்பி எடுத்த ஒப்படை: ஆசிரியர் திரையில் மிஞ்சுவது என்ன?

நிந்தவூரில் ஒரு வீடு. இரவு 11.52. உயர்தரத்தில் படிக்கும் பிள்ளை கட்டிலில் குந்தியிருந்து உம்மாவின் போனில் புவியியல் ஒப்படையை அனுப்பிக்கொண்டிருக்கிறாள். கையால் எழுதிய ஆறு பக்கங்கள். அவற்றை போன் கேமராவால் ஸ்கேன் எடுத்து ஒரே பி.டி.எப். ஆக்கியாயிற்று. கூகுள் கிளாஸ்ரூமில் கடைசி நேரம் 11.59. பைல் பட்டியலைத் திறந்தால் மேலே இரண்டு பெயர்கள்: `Scan_0413.pdf`, `Scan_0412.pdf`. மேலே கிடந்ததைத் தொட்டாள், 11.56க்கு `Turn in` அழுத்தினாள், போனைச் சார்ஜில் போட்டாள்.

நள்ளிரவு 12.03க்குத் திரும்ப ஒருமுறை திறந்து பார்த்தபோது ஒப்படை இருக்க வேண்டிய இடத்தில் வீட்டுக் காணி உறுதியின் பிரதியும் வங்கிக் கடன் கடிதமும் இருந்தன. கட்டாரிலுள்ள வாப்பாவுக்கு அனுப்புவதற்காக உம்மா சற்று முன்தான் ஸ்கேன் எடுத்தவை.

"உம்மா, நான் வேற பைலப் போட்டுட்டன்!"

"என்ன புள்ள, என்னத்தப் போட்ட?"

12.04க்கு `Unsubmit`. 12.09க்குச் சரியான பைலுடன் மறுபடியும் `Turn in`. உடனே திரையில் `Done late` என்று விழுந்தது. பிள்ளை அழத் தொடங்கியது அப்போதுதான். கடன் கடிதத்தை சேர் பார்த்திருப்பாரோ என்பது ஒரு கவலை. நேரத்துக்கு அனுப்பியும் பிந்தியவள் என்று பெயர் வந்துவிட்டதே என்பது அதைவிடப் பெரிய கவலை.

பெயரும் பாடசாலையும் வேண்டாம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தத் தெருவில் கேட்டாலும் இதே கதை வேறு பைலோடு கிடைக்கும். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கரையோரத்தில் பாடம் போனுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் அக்கரைப்பற்றும் பிறகு கல்முனையின் ஒரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டபோது அது அங்கேயே குடியேறிவிட்டது. பாடசாலைகள் திறந்த பிறகும் ஒப்படையைப் போனில் வாங்கும் பழக்கம் போகவில்லை. அனுப்பியதைத் திருப்பி எடுத்தால் என்ன நடக்கும் என்று மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொத்தானுக்குப் பின்னால்

`Turn in` அழுத்தும்போது பைலின் ஒரு பிரதி ஆசிரியருக்குப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கிளாஸ்ரூம் செய்வது அதுவல்ல. பைல் இருப்பது கூகுள் டிரைவில். அழுத்திய கணத்தில் அதன் உரிமை பிள்ளையிடமிருந்து ஆசிரியரின் கணக்குக்கு மாறுகிறது. அதன் பிறகு பிள்ளை அதைத் திறந்து பார்க்கலாம், திருத்த முடியாது. `Unsubmit` அந்த உரிமையைப் பிள்ளையிடம் திருப்பித் தருகிறது.

திருப்பித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. பைல் அழிவதில்லை. ஒப்படைப் பக்கத்தில் அது இன்னும் இணைப்பாகவே தொங்கிக்கொண்டிருக்கும். ஆசிரியர் தன் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தொட்டால், ஒப்படைக்காத நிலையிலும் இணைப்பின் சிறுபடம் அங்கே தெரியும். ஆகவே `Unsubmit` மட்டும் அழுத்திவிட்டுப் படுத்த பிள்ளை பாதி வேலையைத்தான் செய்திருக்கிறாள். இணைப்பின் பக்கத்திலுள்ள X குறியைத் தொட்டு அதைக் கழற்றவும் வேண்டும். கழற்றினாலும் பைல் பிள்ளையின் டிரைவில் கிடக்கும். அங்கே அதைத் திறந்து `Share` அழுத்தினால் யார் யாருக்கு அதைத் திறக்க அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் வரும். ஆசிரியரின் பெயர் அதில் இருந்தால் நீக்கிவிடலாம்.

நிந்தவூர்ப் பிள்ளை பழைய இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் புதியதைப் போட்டாள். அதனால் 12.09க்குப் பிறகு கிளாஸ்ரூமில் ஆசிரியர் கண்ணுக்குக் காணி உறுதி இல்லை. 11.56க்கும் 12.04க்கும் இடைப்பட்ட எட்டு நிமிடங்களில் அவர் திறந்து பார்த்திருந்தால், அல்லது தன் கணினியில் இறக்கி வைத்திருந்தால், அதை எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது. திறந்தாரா இல்லையா என்று பிள்ளைக்குச் சொல்லும் வசதியும் கிளாஸ்ரூமில் இல்லை. நள்ளிரவில் எந்த ஆசிரியர் ஒப்படை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது வேறு விடயம்.

இன்னொரு நுட்பம். தவறு ஒரு கூகுள் டாக்ஸ் பைலுக்குள் இருந்தால், அதைத் திருப்பி எடுத்து அதே பைலுக்குள் அழித்து எழுதி மறுபடி அனுப்புகிறார்கள். பழைய எழுத்து போய்விட்டது என்று நம்புகிறார்கள். போகவில்லை. டாக்ஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கிறது. பைல் மீண்டும் ஆசிரியர் கைக்கு வந்ததும் `Version history` என்ற இடத்தில் முந்தைய வடிவங்களை அவர் பார்க்கலாம். கூட்டாளியின் விடையைப் பிரதிபண்ணிப் போட்டுப் பிறகு மாற்றியவர்கள் அகப்படுவது இங்கேதான். மறைக்க வேண்டிய தனிப்பட்ட விடயம் உள்ளே இருந்தால் அந்தப் பைலைத் திருத்திக்கொண்டிருக்காமல் கழற்றிவிட்டுப் புதிய பைலைப் போடுவதே வழி. ஆசிரியரே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுத்து எழுதச் சொன்ன ஒப்படையென்றால் அது முதல் எழுத்திலிருந்தே அவர் பார்க்கக்கூடிய பைல். அங்கே `Turn in` வரைக்கும் காத்திருக்க வேண்டிய தேவைகூட அவருக்கு இல்லை.

`See history` யாருக்குச் சாட்சி?

இனி `Done late`. இது ஆசிரியர் போட்ட முத்திரை அல்ல. மென்பொருள் கடைசியாக அழுத்தப்பட்ட `Turn in` நேரத்தை மட்டும் பார்க்கிறது. நேரத்துக்கு முன் ஒருமுறை அனுப்பியிருந்தாலும், திருப்பி எடுத்து நேரம் கடந்தபின் மறுபடி அனுப்பினால் பிந்தியது என்றே குறிக்கும். கூகுளின் உதவிப் பக்கமும் இதைத்தான் சொல்கிறது. 12.04க்கும் 12.09க்கும் இடையில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே `Missing` என்றும் காட்டியிருக்கும்.

ஆனால் கணினியில் ஆசிரியர் அந்த ஒப்படையைத் திறந்தால், நிலையைக் காட்டும் இடத்தில் `See history` என்று ஒரு சிறிய இணைப்பு உண்டு. அதைத் தொட்டால் எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டது, எத்தனை மணிக்குத் திருப்பி எடுக்கப்பட்டது, மறுபடி எப்போது வந்தது என்று வரிசையாக விரியும். நம் பிள்ளையின் கணக்கில் அது 11.56, 12.04, 12.09 என்று இருக்கும். இந்த வரிகளைப் பிள்ளையாலும் அழிக்க முடியாது, ஆசிரியராலும் அழிக்க முடியாது.

இந்தப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்படும் மாணவர்கள் முதலில் பயப்படுகிறார்கள். "எல்லாம் பதிவாகுதாம்" என்று குசுகுசுக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் சந்தோசப்பட வேண்டும். அந்தப் பிள்ளை 11.56க்கு எதையோ அனுப்பினாள், எட்டு நிமிடத்தில் தவறை உணர்ந்தாள், ஐந்து நிமிடத்தில் சரிசெய்தாள் என்பதற்கு அவளுடைய வாயைத் தவிர உள்ள ஒரே ஆதாரம் அதுதான். `Done late` அவளுக்கு எதிரான சாட்சி என்றால் `See history` அவள் தரப்புச் சாட்சி. முன்னதை எல்லா ஆசிரியர்களும் காண்கிறார்கள். பின்னதைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

மற்றப் பக்கமும் உண்டு. நேரம் வாங்குவதற்காக வேண்டுமென்றே வெற்றுப் பைலையோ திறக்காத பைலையோ போட்டுவிட்டு, அடுத்த நாள் "பிழையாகப் போட்டுட்டன் சேர்" என்று வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியலில் முதல் அனுப்பலுக்கும் திருப்பி எடுத்ததற்கும் இடையில் பத்து, பதினாலு மணித்தியாலம் கிடக்கும். எட்டு நிமிடத்தையும் பதினாலு மணித்தியாலத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை.

`Unsubmit` அழுத்தியதும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் பறக்கும் என்பது வதந்தி. ஆசிரியருக்கான அறிவித்தல் பட்டியலில் பிந்திய ஒப்படைகளும் மறுபடி அனுப்பியவையும் உண்டு, தனிப்பட்ட குறிப்புகளும் உண்டு. திருப்பி எடுத்ததற்கென்று ஒன்றும் இல்லை. அதனால் பிள்ளை தானாகச் சொன்னால் ஒழிய, பெரும்பாலும் அவருக்குத் தெரிவது `Done late` மட்டுமே.

---

பெட்டிச் செய்தி: அந்த ஐந்து நிமிடத்தில்

கடைசி நேரத்துக்கு முன் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. `Unsubmit`, X தொட்டுக் கழற்றல், சரியான பைல், மீண்டும் `Turn in`. கடைசிப் படியை மறந்துவிடுபவர்கள் அதிகம். இணைத்ததோடு அனுப்பியாயிற்று என்று நினைத்துப் போனை மூடினால் காலையில் `Missing`.

கடைசி நேரம் கடந்துவிட்டதா? முதலில் ஒப்படைப் பக்கத்தில் ஆசிரியர் கொடுத்த குறிப்பைப் பாருங்கள். நேரம் கடந்ததும் ஒப்படைகளை மூடிவிடும் வசதி இப்போது கிளாஸ்ரூமில் உண்டு. அதை அவர் போட்டிருந்தால் மறுபடி அனுப்ப வழியிருக்காது. அப்படியான நேரத்தில் `Private comments` பகுதியில் நடந்ததை இரண்டு வரியில் எழுதி, அவர் சொல்லும் வரை காத்திருப்பதே பாதுகாப்பு. தவறான பைலில் வீட்டு விடயமோ படமோ இருந்தால் மட்டும் பிந்தினாலும் பரவாயில்லை என்று உடனே எடுத்துவிடுங்கள்.

ஒப்படையோடு கூகுள் போர்ம் வினாத்தாள் இருந்தால் `Unsubmit` அதைத் தொடாது. போர்மில் அனுப்பிய விடைகள் ஆசிரியரின் பட்டியலில் அப்படியே இருக்கும்.

---

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

பிழைப் பைல் போவதற்குக் கவனயீனம்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. இந்தப் பக்கத்து வீடுகளில் காரணம் வேறு. ஒரே போனில் மூத்தவளுக்கு உயர்தர ஒப்படை, நடுவிலானுக்கு ஒன்பதாம் தரப் பாடம், சின்னவனுக்கு ஓவியம். அதே போனில்தான் உம்மாவின் வங்கி வேலையும் மருந்துச் சீட்டும். ஸ்கேன் செய்யும் செயலிகள் பைலுக்குத் தாமாகவே எண்ணிலோ திகதியிலோ பெயர் வைக்கின்றன. பைல் தெரிவுப் பட்டியல் புதியதை மேலே காட்டுகிறது. யார் கடைசியாக ஸ்கேன் எடுத்தார்களோ அவர்களுடைய பைல்தான் உச்சியில்.

இதைவிடச் சிக்கலானது கணக்கு மாறிப் போவது. ராத்தாவின் கணக்கு திறந்திருக்க, தம்பி தன் ஓவியத்தை அவளுடைய வகுப்பில் போட்டுவிடுகிறான். இங்கே `Unsubmit` செய்தால் ராத்தாவின் வரலாற்றில் இரண்டு வரிகள் கூடும், அவ்வளவுதான். தம்பியின் கணக்கில் அவன் எதையும் அனுப்பவேயில்லை. அதைச் சரிசெய்யக் கணக்கு மாற்றி அவன் பெயரில் தனியாக அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் மேல் மூலையிலுள்ள வட்டத்தில் யாருடைய முதலெழுத்து இருக்கிறது என்று பார்ப்பதும், ஸ்கேன் எடுத்தவுடன் பைலுக்குப் பிள்ளையின் பெயரையும் பாடத்தையும் வைப்பதும் இரண்டு நிமிட வேலை.

சின்ன வகுப்புகளில் இன்னும் வட்ஸ்அப்தான் வகுப்பறை. அங்கே தவறாகப் போட்டதை `Delete for everyone` என்று அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. அழித்த இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி எல்லோருக்கும் தெரியும். அதற்குள் தானாக இறங்கிய படம் சிலருடைய போன் கேலரியில் தங்கியிருக்கக்கூடும். கிளாஸ்ரூமில் ஒப்படையாகப் போட்டது அந்த வகுப்பின் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் தெரியும். வட்ஸ்அப் குழுவில் போட்டது நாற்பது வீடுகளுக்குத் தெரியும். பெண்பிள்ளையின் வீட்டுப் படம் ஒன்று தவறிப் போனால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கல்முனையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிளாஸ்ரூமிலும் அந்த ஆபத்து உண்டு. ஒப்படைப் பெட்டிக்குப் பதிலாக `Stream` எனும் பொது இடத்தில் பிள்ளைகள் பைலைப் போட்டுவிடுகிறார்கள். அதை வகுப்பு முழுவதும் பார்க்கும். பிள்ளை உடனே அழித்தால் மாணவர்களின் கண்ணிலிருந்து மறையும். ஆனால் வகுப்பின் அமைப்புகளில் `Show deleted items` என்ற தெரிவை ஆசிரியர் திறந்து வைத்திருந்தால் அழித்ததும் அவருக்குத் தெரியும், அவருக்கு மட்டும். பிள்ளைகளிடையே நடக்கும் சீண்டல்களைக் கண்டுபிடிக்க உதவும் வசதி அது. தவறிப்போன படத்துக்கும் அதே விதிதான். பெற்றோர் வெட்கத்தில் மூடிமறைக்காமல் அந்த ஆசிரியரிடம் நேரே பேசிவிடுவது நல்லது.

ஒலுவிலில் வேறு சட்டம்

1995இல் தொடங்கிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகள் அங்கே எல்.எம்.எஸ். என்று அழைக்கப்படும் தளத்தைச் சந்திக்கிறார்கள். அதற்கு அடியில் ஓடுவது மூடில் என்ற திறந்த மூல மென்பொருள். பாடசாலையில் பழகிய `Unsubmit` பொத்தானை அங்கே தேடினால் கிடைக்காது.

மூடிலில் எல்லாம் விரிவுரையாளர் ஒப்படையை அமைத்த விதத்தைப் பொறுத்தது. அனுப்பும் பொத்தானைத் தனியாக அழுத்தத் தேவையில்லை என்று அவர் விட்டிருந்தால், பைலை ஏற்றிச் சேமித்த உடனேயே `Submitted for grading` என்று வந்துவிடும். ஆனால் நேரம் முடியும் வரை `Edit submission` மூலம் மாற்றலாம், `Remove submission` மூலம் நீக்கலாம். தனியாக அழுத்த வேண்டும் என்று அமைத்திருந்தால் ஏற்றிய பைல் முதலில் `Draft (not submitted)` நிலையில் நிற்கும். அதுவரை எத்தனை தடவையும் மாற்றலாம். `Submit assignment` அழுத்திய பிறகு கதவு பூட்டிக்கொள்ளும். திறக்கும் சாவி விரிவுரையாளரிடம்: அவர் தன் பட்டியலில் அந்த மாணவரின் பெயருக்கு எதிரே `Revert the submission to draft` தெரிவு செய்ய வேண்டும். இதைப் பெயரோடு சொல்லிக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும். "சேர், கொஞ்சம் திறந்து விடுங்க" என்றால் எதைத் திறப்பது என்று அவரும் தேடுவார்.

இங்கே இரண்டு வகைக் கடைசி நாள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். `Due date` கடந்தால் பிந்தியது என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். `Cut-off date` கடந்தால் வாங்காது. இரண்டுக்கும் இடையில் இருப்பவர் பைலை நீக்கினால், புதிய பைல் பிந்தியதாகவே கணக்கில் வரும். கட்-ஆப் நெருங்கும்போது இணைய இணைப்பும் தள்ளாடினால், நீக்கியவர் கையில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலை வரலாம். அதனால் முதலில் நீக்கிவிட்டுப் பிறகு ஏற்றுவதைவிட `Edit submission` உள்ளே போய், பழையதை எடுத்துப் புதியதை வைத்து ஒரே தடவையில் சேமிப்பது புத்தி.

விரிவுரையாளர் பார்க்கக்கூடியது கிளாஸ்ரூமைவிட இங்கே அதிகம். மூடிலின் பதிவேட்டில் ஒவ்வொரு அசைவும் நேரத்தோடு விழும்: பைல் ஏற்றியது, மாற்றியது, நீக்கியது, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து என்பது வரை. ஒரே விடுதியில் ஒரே இணைப்பிலிருந்து இரண்டு பேர் அனுப்பினால் முகவரி ஒன்றாகவே தெரியும் என்பதால், அதை மட்டும் வைத்து ஒருவர் மற்றவருக்காக அனுப்பினார் என்று முடிவுகட்ட முடியாது. பதிவேடு நடந்ததைச் சொல்லும். நீக்கிய பைலின் உள்ளே என்ன இருந்தது என்பதை அது காட்டாது.

---

பெட்டிச் செய்தி: டர்னிடின் மறக்காது

ஒப்படையோடு டர்னிடின் எனும் ஒப்புமைப் பரிசோதனை இணைக்கப்பட்டிருந்தால் கதை மாறும். எல்.எம்.எஸ். இலிருந்து பைலை நீக்கினாலும், டர்னிடினின் களஞ்சியத்தில் சேர்ந்த பிரதி அங்கேயே நிற்கும். மாணவரால் அதை அழிக்க முடியாது. நிறுவனத்தின் டர்னிடின் நிர்வாகி மூலம்தான் நீக்கக் கோரலாம். ஆகவே தவறுதலாக நண்பனின் கணக்கிலிருந்து உங்கள் ஒப்படையை ஏற்றிவிட்டு, பிறகு உங்கள் கணக்கில் ஏற்றினால், உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக உயர்ந்த ஒப்புமை விகிதத்தைக் காட்டும். அறிக்கை வரும் முன்னரே விரிவுரையாளருக்கு எழுதிவிடுங்கள். மூன்று தடவைக்கு மேல் மறுபடி ஏற்றினால் அடுத்த அறிக்கை வர 24 மணித்தியாலம் ஆகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

---

எழுத வேண்டிய இரண்டு வரி

புள்ளி வெட்டப்படும்போது நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவை பைலைப் பற்றியவை அல்ல, சொன்ன பொய்யைப் பற்றியவை. "நான் நேரத்துக்கே சரியானதைத்தான் அனுப்பினேன், சிஸ்டம் பிழை" என்று ஒரு பிள்ளை சொல்லி, வரலாற்றில் திருப்பி எடுத்த நேரம் கிடந்தால், அதற்குப் பிறகு அவள் சொல்லும் உண்மையும் எடுபடாது. நிந்தவூர்ப் பிள்ளை எழுத வேண்டியிருந்தது இவ்வளவுதான்: "சேர், 11.56க்கு வேறு பைலைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன். அது வீட்டு ஆவணம், திறந்திருந்தால் மன்னிக்கவும், இறக்கியிருந்தால் அழித்துவிடவும். 12.09க்கு அனுப்பியதே என் ஒப்படை. `See history` இல் நேரங்கள் உள்ளன." `Private comments` பகுதியில் எழுதினால் இது வகுப்புக்குத் தெரியாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். `Done late` என்ற சொல்லை வைத்துப் புள்ளி குறைக்கும் முன், ஒருமுறை `See history` ஐத் தொடுங்கள். கடைசி நேரத்துக்கு முன் முதல் அனுப்பல் வந்திருந்து, திருத்தம் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்திருந்தால் அதை நேரத்துக்கு வந்ததாக ஏற்பேன் என்ற ஒரு வரியை ஒப்படைக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். கடைசி நேரத்தை நள்ளிரவு 11.59க்கு விடவும் வேண்டாம். ஆசிரியர் நாளை மட்டும் போட்டு நேரத்தைப் போடாவிட்டால் கிளாஸ்ரூம் தானாக வைக்கும் நேரம் அது. பின்னேரம் ஆறு மணி என்று மாற்றினால், பிழை போனாலும் கேட்பதற்கு ஆள் விழித்திருப்பார்கள்.